மாற்றுக் கருத்தையும் முழுமையாகச் சுருக்குவோம்

ரேஷனில் தானியமா, ரொக்கமா என்று வாதிடும் இரு கட்டுரைகளைச் சுருக்கிப் பார்ப்போம்.

ரொக்கத்தை ஆதரிப்பவர் கூறுவது: கிடங்கிலும் போக்குவரத்திலும் செலவும் கசிவும் மிகுதி, பணம் நேரே கணக்கில் சேர்ந்தால், பருப்பா முட்டையா என்பதைக் குடும்பமே முடிவு செய்யும்.

தானியத்தை ஆதரிப்பவர் கூறுவது: விலை ஏறினால் பணத்தின் மதிப்பு குறையும், சட்டப்படியான 5 கிலோ தானியம் குறையாது, அரசுக் கொள்முதல் சுருங்கினால் விவசாயிக்கு ஆதரவு விலை எட்டாது.

இருவருக்கும் இரண்டிரண்டு வாதங்கள், ஏறத்தாழச் சம நீளம். நாம் தானியத்தின் பக்கம் நிற்பவர்கள்; ஆகவே ‘கசிவு’ என்ற சொல்லை விட்டுவிடத் தோன்றும். விட்டால் அது அவரது வாதமாகாது. எழுதியவரே படித்து, ‘நான் சொன்னது இதுவே’ என ஒப்ப வேண்டும். மறுப்பு அதன் பின்னரே.