யார் எத்தனை மணிக்குப் பேசினார்கள்?

இன்னைக்கு ஒரு இன்டர்வியூ டைம்டேபிளைப் பத்திப் பேசப் போறேன். நான் போட்டு, நானே கெடுத்துக்கிட்ட டைம்டேபிள்.

ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளுக்கு ஷீட் மெட்டல் பாகங்கள் செய்யுற ஒரு தொழிற்சாலை. பேர் வேண்டாம். லாரி நேரத்துக்குக் கிளம்புறதில்லை, காரணம் கண்டுபிடிக்கணும்னு கூப்பிட்டாங்க. பிரெஸ் ஷாப் பதிவேட்டுல மெஷின் நின்ன நேரத்துக்கு எதிரே பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ‘மெட்டீரியல் இல்லை’. ஆனா ஸ்டோர்ஸ்ல மெட்டீரியல் இருந்தது. அப்போ ஆட்களிடம் பேசித்தான் தெரிஞ்சுக்கணும்.

பன்னிரண்டு பேர் பட்டியலை ஹெச்.ஆர்.கிட்ட கொடுத்தேன். அவங்க பேரும் நேரமும் போட்டு எல்லா மேனேஜருக்கும் மெயில் அனுப்பிட்டாங்க. இடம், பிளான்ட் ஹெட் அறைக்கு எதிரே இருக்குற கண்ணாடிக் கான்ஃபரன்ஸ் ரூம். ஒவ்வொருத்தரிடமும் “நீங்க சொல்றது வெளியே போகாது சார்”னு நான் சொன்னேன். எல்லாரும் “எல்லாம் நல்லாத்தான் போகுது”ன்னாங்க. ஒரு சூப்பர்வைசர் மட்டும் நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தார். அன்னைக்கு சாயங்காலமே அவரோட மேனேஜர் கேட்டிருக்கார்: “மத்தவங்க பத்து நிமிஷத்துல வந்துட்டாங்க, நீ மட்டும் அப்படி என்ன சொன்னே?”

அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட நான் வெளியே விடலை. ஆனா டைம்டேபிளே காட்டிக் கொடுத்துடுச்சு. ரகசியம் ரிப்போர்ட்டுலதான் உடையும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது அட்டவணையிலேயே உடைஞ்சுபோச்சு.

மறுபடி போட்டோம். முதல்ல, ஆளைப் பொறுக்குறதை நிறுத்தினேன். பிரெஸ் ஷாப் ரெண்டாவது ஷிஃப்ட்ல பதினோரு பேர். காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து பதினோரு பேரையும் கூப்பிட்டேன். ஆளுக்கு இருபது நிமிஷம். பேச விருப்பமில்லையா, டீ குடிச்சுட்டு உட்காருங்க, இருபது நிமிஷம் ஆனதும் போங்க. யார் நிறையப் பேசினாங்கன்னு வெளியே இருந்து கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது நேரம். ஷிஃப்ட் முடிஞ்ச பிறகு யாரும் நிக்க முடியாது; காஞ்சிபுரம், அரக்கோணம் போற கம்பெனி பஸ் கிளம்பிடும். அதனால ஷிஃப்டுக்குள்ளேயே, டீ பிரேக்குக்கு மாத்திவிடுற ரிலீவர் வரிசையிலேயே இதையும் சேர்த்தோம். மேனேஜர்கள் வீட்டுக்குப் போன பிறகு, ஆறரை மணிக்கு மேல, கேன்டீன் பக்கத்து டிரெய்னிங் ரூம்ல. ரெண்டு ராத்திரி ஆச்சு. குறிப்பு எல்லாம் என் நோட்டுலதான், பேருக்குப் பதில் எண். எந்த எண் யாருடையதுங்குற தாள் தனியா என் வீட்டுல. அந்தக் குறிப்பைக் கேட்க மாட்டோம்னு பிளான்ட் ஹெட்டிடம் முன்கூட்டியே எழுத்துல வாங்கிட்டேன்.

உறுதிமொழியையும் மாத்தினேன். “வெளியே போகாது”ங்கறது பொய், போகணும்னுதானே கேட்கிறோம்? அதனால இப்படிச் சொன்னேன்: “நீங்க சொல்ற விஷயம் ரிப்போர்ட்ல வரலாம், உங்க பேர் வராது. குறைஞ்சது மூணு பேர் சொன்னாத்தான் ‘தொழிலாளர்கள் சொன்னாங்க’ன்னு எழுதுவேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் அதை நான் மறைக்க முடியாது. அப்பவும் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்.”

ரெண்டாவது ராத்திரி விஷயம் வந்தது. டை மாத்த நாற்பது நிமிஷம்னு இலக்கு. ஆனா சாயங்காலம் ஆனா பிரெஸ் ஷாப்புக்கும் வெல்டிங்குக்கும் சேர்த்து ஒரே கிரேன், ஒரே ஆபரேட்டர். கிரேனுக்குக் காத்திருந்து ஒன்றரை மணி நேரம் ஆயிடும். இலக்கு தாண்டினா விளக்கக் கடிதம் எழுதணும். அதனால மிச்ச நேரத்தை ‘மெட்டீரியல் இல்லை’ன்னு போட்டுடுறாங்க.

இதைச் சொன்னவர் ஒருத்தர்தான். சொன்ன விதத்தை எழுதினாலே ஆள் யார்னு தெரிஞ்சுடும். மூணு பேர் கணக்கும் நிறையலை. என்ன செஞ்சேன்? அவர் சொன்னதை ரிப்போர்ட்ல எழுதவே இல்லை. எல்லா மெஷினையும் ஒரு வாரம் பார்க்கப் போறேன்னு சொல்லி, ஸ்டாப்வாட்ச்சோட சாயங்காலம் முழுக்க நின்னேன். டை மாத்துற ஒவ்வொரு கட்டத்தையும், கிரேன் வந்த நேரத்தையும் குறிச்சேன். ரிப்போர்ட்ல போனது என் கண்ணால பார்த்த கணக்கு. எங்கே பார்க்கணும்னு அவர் காட்டினார், அவ்வளவுதான்.

இது புதுசில்லை. அமெரிக்காவுல ஹாதார்ன் தொழிற்சாலையில 1928லிருந்து 1930க்குள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசினாங்க. அங்கேயும் கேள்விப் பட்டியலை வச்சுக் கேட்டப்போ வராதது, பேச விட்டுக் கேட்டப்போ வந்தது.

அந்த சூப்பர்வைசர்? ரெண்டாவது சுற்றுல அவரும் வந்தார். இருபது நிமிஷமும் டீயை மட்டும் குடிச்சுட்டு எழுந்து போனார். என் முதல் டைம்டேபிளுக்கு அவர் கொடுத்த விலை அது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.