வாழ்த்து மடலில் இரண்டு அடிகள்

பொங்கல் வாழ்த்து மடலுக்கு ஈரடிச் செய்யுள் ஒன்றையும், அதற்கு எதுகையொலி அமைந்த ஆங்கில வடிவம் ஒன்றையும் ஆக்க முற்பட்ட கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதில் நான் இருமுறை வழுக்கி விழுந்தேன். விழுந்த இடங்களைக் காட்டுவது, விழாமல் நடந்ததாகச் சொல்வதைவிட உங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்தைப் படத்தோடு மடலாக அச்சிட்டு விற்கும் வழக்கம் இலண்டனில் 1843ஆம் ஆண்டில் தோன்றியது. ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் திருநாளுக்காக, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக்கொண்டு ஒரு மடல் வரைவித்து அச்சிட்டார். அந்த வழக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. நம் மடல்களில் கரும்பும் பானையும் ஏர்மாடும் இடம்பெற்றன. படத்தின் கீழே இரண்டடியோ நான்கடியோ பாட்டு. அந்த இடம் மிகச் சிறியது. நான்கு விரல் அகலம்கூட இராது. ஆகவே அங்கே வீண்சொல் ஒன்று வந்தாலும் உடனே கண்ணில் படும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வெளிநாட்டில் குடியிருக்கிறார். அவர் எனக்கு எழுதினார்: “ஐயா, பொங்கலன்று அக்கம்பக்கத்தாருக்கு மடல் அனுப்ப விரும்புகிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். அவர்கள் தமிழ் அறியாதவர்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் பால் பொங்குவதைப் பார்த்து, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று அடுப்பை அணைக்க ஓடி வந்தவர்கள். அவர்களுக்கு இது புரியவேண்டும்.” இதைப் படித்துச் சிரித்தேன். ஆனால், அந்தச் சிரிப்பிலேயே பெரிய எச்சரிக்கை ஒன்று இருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

முதலில் தமிழ். குறள் வெண்பாவைத் தேர்ந்தெடுத்தேன். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், ஆக ஏழே சீர்கள். நான் முதலில் எழுதியது இது:

எம்மனையில் பால்பொங்கும் இந்நாளில் அன்புடையீர்
உம்மனையில் பொங்குக அன்பு.

வெண்பாவுக்குரிய தளைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். காய்ச்சீர் முன் நேரசை வரவேண்டும்; விளச்சீர் முன்னும் நேரசை; மாச்சீர் முன் நிரையசை. இங்கே முதல் ஐந்து சீர்களும் காய்ச்சீர்கள். அவை ஒவ்வொன்றின் பின்னும் நேரசையே வந்திருக்கிறது. ‘பொங்குக’ என்பது கூவிளம். அதன் பின் ‘அன்பு’ என்பதில் ‘அன்’ நேரசை. ‘அன்பு’ ‘காசு’ என்ற வாய்பாட்டில் முடிகிறது. எதுகையும் உண்டு: ‘எம்’, ‘உம்’ என முதலெழுத்து இரண்டும் குறில், இரண்டாம் எழுத்து இரண்டிலும் மகர மெய். யாப்பில் குற்றமில்லை. மறுநாள் காலையில் அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மேசைமீது வைத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அதை எடுத்து உரக்கப் படித்தாள். அப்பொழுது அவள் புணர்ச்சி இலக்கணம் பயின்றுகொண்டிருந்தாள். “தாத்தா, ‘பொங்குக’ என்பது அகரத்தில் முடிகிறது. ‘அன்பு’ அகரத்தில் தொடங்குகிறது. நடுவில் வகர உடம்படுமெய் வரும் அல்லவா?” என்று கேட்டாள். பிறகு சேர்த்துப் படித்தாள்: “உம்மனையில் பொங்குகவன்பு.”

எனக்குத் திடுக்கிட்டது. ‘வன்பு’ என்றால் கடுமை, கொடுமை. “உங்கள் வீட்டில் கொடுமை பொங்கட்டும்” என்று திருநாளன்று வாழ்த்த இருந்தேன்! கண்ணால் பார்த்தால் ‘அன்பு’. காதால் கேட்டால் ‘வன்பு’. நாற்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவனுக்கு, எழுதும்போது அது தோன்றவில்லை; வாய்விட்டுப் படித்தவளுக்குத் தோன்றிவிட்டது. மேலும், முதலடியில் ‘அன்புடையீர்’ இருக்க, இரண்டாமடியில் மீண்டும் ‘அன்பு’ வருவது கூறியது கூறலும் ஆகும். எனவே கடைசிச் சீரை மாற்றினேன்:

எம்மனையில் பால்பொங்கும் இந்நாளில் அன்புடையீர்
உம்மனையில் பொங்குக சீர்.

‘சீர்’ நேரசை, ‘நாள்’ என்ற வாய்பாடு. வியங்கோளின் பின் வல்லினம் மிகாது. ஆகையால் சேர்த்துப் படித்தாலும் ‘பொங்குக சீர்’ என்றே நிற்கும். சீர் என்றால் செல்வமும் சிறப்பும். பொங்கலுக்குத் தாய்வீட்டிலிருந்து மகளுக்கு அனுப்பும் வரிசைக்கும் சீர் என்றே பெயர். மகளுக்கு இந்த மடலை அனுப்பினால், அச்சொல் அவளைச் சிறிது புன்னகைக்கச் செய்யும்.

இனி ஆங்கிலம். ஆங்கிலச் சொற்களை வானொலியில் செவியால்தானே கேட்கிறீர்கள்; செய்யுளுக்கு அதுவே ஏற்ற வழி. என் முதல் முயற்சி இது:

டுடே த மில்க் பாயில்ஸ் ஓவர் இன் அவர் பாட்;
மே பிளென்ட்டி பாயில் இன் யுவர்ஸ், அண்ட் டுவிண்டில் நாட்.

“இன்று எங்கள் பானையில் பால் பொங்கி வழிகிறது, உங்கள் பானையில் வளம் பொங்கட்டும், அது குறையாதிருக்கட்டும்” என்பது பொருள். ஒவ்வோர் அடியிலும் பத்து அசைகள். ‘அவர்’, ‘யுவர்ஸ்’ என்பவற்றை ஆங்கிலேயர் ஓரசையாகவே ஒலிப்பர். ‘பாட்’, ‘நாட்’ என்று ஈற்றொலியும் ஒத்துவந்தது. ஆயினும் இதில் இரண்டு குற்றங்கள் உள்ளன.

முதற்குற்றம் ‘டுவிண்டில் நாட்’. ‘குறையாதிருக்கட்டும்’ என்ற கருத்து என் தமிழில் இல்லை. ‘பாட்’ என்பதற்கு ஓர் ஒலித்துணை வேண்டியிருந்தது. அது இழுத்துவந்த சொல் இது. நம் செய்யுளில் அசைநிலை என்கிறோமே, அதைவிட மோசமானது. ஏனெனில் இது பொருளையும் மாற்றிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஈற்றுச் சொல்லைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னரே வாக்கியம் நிறைவு பெற்றுவிட்டால், மறைத்த சொல் ஒலிக்காக மட்டும் வந்தது என்று அறியலாம்.

இரண்டாம் குற்றம் பெரிது. தமிழில் பொங்குதல் மங்கலச் சொல். மகிழ்ச்சி பொங்கும், வளம் பொங்கும். ஆங்கிலத்தில் ‘பாயில் ஓவர்’ என்பது, பாலைக் கவனியாமல் விட்டதால் வந்த விபத்தைக் குறிக்கும். சினம் கட்டுக்கடங்காமல் போவதையும் குறிக்கும். அக்கம்பக்கத்தார் அடுப்பை அணைக்க ஓடிவந்தார்கள் என்று மாணவர் எழுதியிருந்தாரே, அதன் காரணம் இப்போது விளங்கியது. அவர்கள் மொழியிலேயே பொங்கி வழிவது கெடுதல். அகராதி காட்டும் நேர்ச்சொல்லை வைத்தால், மீண்டும் ‘வன்பு’ என்ற குழியிலேயே, வேறு வழியாக வந்து விழுவேன்.

ஆகவே வேறு வினை தேடினேன். ‘பிரிம்’ என்றால் கலத்தின் விளிம்பு; ‘பிரிம் ஓவர்’ என்றால் நிறைந்து விளிம்பைத் தாண்டித் ததும்புதல். அதில் விபத்து இல்லை, சினமும் இல்லை, நிறைவுதான் இருக்கிறது. அந்த ஒரு வினை கிடைத்ததும் மற்றவை தாமே வந்து அமைந்தன:

த பாட் பிரிம்ஸ் ஓவர் அட் அவர் டோர்;
மே யுவர்ஸ், டியர் ஃபிரெண்ட், பிரிம் ஓவர் மோர்.

பத்து அசை எட்டாகக் குறைந்தது. ஆங்கில யாப்பு நேரசை நிரையசையால் அமைவதன்று. அழுத்தி ஒலிக்கும் அசையும், மெல்ல ஒலிக்கும் அசையும் மாறி மாறி வருவதால் அமைவது. விரலால் தட்டிப் பாருங்கள்: பாட், ஓ, அட், டோர் என்று முதலடியில் நான்கு தட்டு, யுவர்ஸ், ஃபிரெண்ட், ஓ, மோர் என்று இரண்டாமடியிலும் நான்கு தட்டு.

நம் எதுகை அடியின் தலையில் நிற்கும். அவர்களுடைய எதுகை அடியின் முடிவில், நம் இயைபின் இடத்தில் நிற்கும். அழுத்தம் பெற்ற கடைசி உயிரொலியும் அதன் பின்வருவனவும் ஒத்திருக்கவேண்டும். அதற்கு முன்னுள்ள மெய் வேறாகவேண்டும். டோர், மோர் என்பவை எழுத்துக்கூட்டலில் வேறுபட்டவை, ஒலியில் ஒத்தவை. மாறாக, ‘லவ்’, ‘மூவ்’ என்ற சொற்களின் கடைசி மூன்று எழுத்துகளும் ஒன்றே, ஒலியோ வேறு. எழுத்தைப் பார்த்து எதுகை கட்டும் மாணவர்கள் வழுக்கும் இடம் இதுதான். இன்னொன்று: ‘எம்மனையில், உம்மனையில்’ என்று தமிழில் ஒரே சொல்லை இரண்டடியிலும் வைத்தேன், அது அழகாயிற்று. ஆங்கில அடிகளின் ஈற்றில் ஒரே சொல்லை இருமுறை வைத்தால் அதை எதுகை என்று கொள்ளமாட்டார்கள்.

இறுதியாக, ஆங்கிலத்தை மீண்டும் தமிழாக்கிப் பார்த்தேன். “எங்கள் வாயிலில் பானை ததும்புகிறது, அன்புள்ள நண்பரே, உங்களது இன்னும் மிகுதியாகத் ததும்புக.” பால் போய்விட்டது. ‘சீர்’ என்ற சொல்லும், அதிலிருந்த தாய்வீட்டு நினைவும் போயின. ‘இன்னும் மிகுதியாக’ என்பது புதிதாக வந்தது. ‘டுவிண்டில் நாட்’ போல இதுவும் ஒலிக்காக வந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். ‘மோர்’ என்பதைக் கையால் மறைத்துப் பார்த்தேன். ‘உங்களதும் ததும்புக’ என்று வாக்கியம் நிற்கத்தான் நிற்கிறது. ஆனால் எம்மனையைவிட உம்மனை உயர்க என்ற கனிவு மறைந்துவிடுகிறது. வாழ்த்துகின்றவன் தன்னைவிடப் பிறருக்கு மிகுதியாக வேண்டுவது மடலின் கருத்தோடு ஒட்டியது. அதனால் அதை நீக்கவில்லை. போன பாலுக்காக, மடலின் படத்தில் நுரை ததும்பும் பானையை வரையச் சொன்னேன். சொல் சுமக்க முடியாததைப் படம் சுமக்கட்டும்.

என் பேத்தி இதையும் உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் சிரித்தாள். “தாத்தா, தமிழில் பால் பொங்கியது, ஆங்கிலத்தில் மோராக முடிந்துவிட்டதே!” என்றாள். அந்தக் குற்றத்தைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை. மடலைப் பெறுகின்றவர் தமிழ் அறியாதவர் என்ற துணிவில் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.