கடற்பாலத்து நெரிசலைக் கணக்கிடுவது எப்படி?
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பள்ளி விடுமுறை தொடங்கினால் சிங்கப்பூரிலிருந்து காரிலேயே ஹாட்யாய் போய் வரும் குடும்பங்கள் நம்மில் நிறைய. மூன்று நாடுகள், இரண்டு எல்லைகள். பெட்ரோலுக்கும் டோலுக்கும் கணக்குப் போடுகிறவர்கள் எல்லையில் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் "ஒரு மணி நேரம் ஆகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். விடுமுறைக் காலங்களில் மூன்று மணி நேரம் வரை ஆகலாம் என்று அதிகாரிகளே முன்கூட்டி எச்சரிப்பதுண்டு.

உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு போக இரண்டு சோதனைச்சாவடிகளைக் கடக்கவேண்டும். முதலில் சிங்கப்பூர்ச் சாவடி, அடுத்து பாலம், அதற்கப்பால் மலேசியக் குடிநுழைவுச் சாவடி. வீட்டில் இருந்தபடியே போக்குவரத்துக் கேமராப் படத்தைப் பார்த்து, "பாலம் காலியாக இருக்கிறது, கிளம்புங்கள்" என்கிறோம். அங்கேதான் ஏமாற்றம். பாலம் காலியாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உண்மையிலேயே கூட்டம் இல்லாமல் இருக்கலாம். அல்லது சிங்கப்பூர்ச் சாவடியில் கார்கள் மெதுவாக விடப்படுவதால், வரிசை முழுவதும் சாவடிக்குப் பின்னால் விரைவுச்சாலையில் நிற்கலாம். எனவே பாலத்துப் படத்தோடு சாவடிக்கு வரும் சாலையின் படத்தையும் பார்க்கவேண்டும். பாலம் நிரம்பியிருந்தால் தாமதம் ஜோகூர்ப் பக்கத்தில். பாலம் காலியாகவும் சாலை நிரம்பியும் இருந்தால் தாமதம் இந்தப் பக்கத்தில்.

வரிசையில் மாட்டிக்கொண்ட பிறகும் கணக்கிட வழி உண்டு. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நெரிசலில் ஒரு காருக்கும் அதன் இடைவெளிக்கும் சுமார் 7 மீட்டர் என்று வைத்தால், ஒரு தடத்தில் ஏறக்குறைய 150 கார்கள் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டி, பத்து நிமிடத்தில் நம் தடத்தில் எத்தனை கார்கள் அதைத் தாண்டுகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். இருபது கார்கள் என்றால் நிமிடத்துக்கு இரண்டு. 150 கார்களுக்கு 75 நிமிடம். ஓட்டுநர் எண்ண வேண்டாம், அவருக்கு வேறு வேலை இருக்கிறது! இரண்டு நிமிடம் எண்ணிவிட்டு முடிவு கட்டவும் கூடாது. வரிசை நின்று நின்றுதான் நகரும்.

அடுத்த எல்லைக்கு வருவோம். ஜோகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்துப் பதினொரு மணி நேரம் என்று கொள்வோம். உட்லண்ட்ஸ் இரவு பகல் திறந்திருக்கும். புக்கிட் காயு ஹீத்தாமிலோ பயணிகளுக்கு நெடுங்காலமாகக் காலை 6 முதல் இரவு 12 வரைதான். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால், அந்தப் பக்கத்தில் அது இரவு 11. புறப்படும் முன் அன்றைய நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் பாலத்து வரிசையில் சேர்கிறது. காரில் நீரிழிவு உள்ள பாட்டி, கைக்குழந்தை. ஒரு மணி நேரத்தில் கடந்தால் பதினொன்று, எல்லையை இரவு பத்துக்குத் தொடலாம். மூன்று மணி நேரம் ஆகிவிட்டால்? பிற்பகல் ஒன்றுக்குக் கிளம்பி, மாலை ஐந்தரைக்குக் கோலாலம்பூர் அலுவலக நெரிசலில் மாட்டுவார்கள். அங்கே இன்னொரு மணி நேரம் போகும். எல்லையை எட்டுவது பின்னிரவு ஒரு மணி. கதவு சாத்தியிருக்கும், காலை ஆறு வரை காத்திருக்க வேண்டும். பாலத்தில் கூடுதலாக இழந்தது இரண்டு மணி நேரம், பயணத்தில் இழந்தது எட்டு மணி நேரம்.

இதே குடும்பம் காலை ஏழுக்கே வரிசையில் சேர்ந்திருந்தால், மூன்று மணி நேரம் நின்றாலும் இரவு ஒன்பதுக்குள் எல்லையில் இருக்கும்.

தாய்லாந்துப் பக்கத்தில் கார் வரிசை குட்டையாகத் தெரிந்தாலும் தாள் வேலை நீளமாக இருக்கும். காருக்குத் தனிப் படிவங்கள், தாய்லாந்துக் காப்புறுதி எல்லாம் வேண்டும். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அனுமதிக் கடிதமும் வேண்டும். 2025 மே முதல் பயணிகள் ஒவ்வொருவரும் மின்னியல் வருகை அட்டையை முன்னதாகவே நிரப்பவேண்டும். சங்லூன் கடைகளில் காப்புறுதியும் படிவமும் முடித்துக்கொள்ளலாம், ஆனால் விடுமுறை முந்திய நாளில் அங்கேயும் வரிசைதான். புறப்படும் முன்பே முடித்தவர்களுக்கு எல்லையில் ஒரு மணி நேரம் போதும் என்று நான் கணக்கிடுவேன். முடிக்காதவர்களுக்கு இரண்டு.

திரும்பிப் போவதா தங்குவதா என்ற முடிவை எல்லைக் கதவின் முன்னால் எடுக்கக்கூடாது, ஈப்போவில் எடுக்கவேண்டும். அங்கிருந்து எல்லைக்கு ஓய்வோடு மூன்றரை மணி நேரம். மாலை ஏழுக்குள் ஈப்போவைத் தாண்டினால் பத்தரைக்கு எல்லை, வரிசைக்கு ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கும். ஏழு கடந்துவிட்டால் ஹாட்யாய் ஹோட்டலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அலோர்ஸ்டாரில் அறை எடுங்கள். பாட்டிக்கு மருந்தும் வேளைக்குக் கிடைக்கும். காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது நீங்கள் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருப்பீர்கள்.