வயதில் பெரியவரை நாம் நேர்காணல் செய்யும்போது



ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குக் கணக்காளர் எடுக்கும்போது நம் தலைவிகள் பலர் சொல்லும் சங்கடம் ஒன்று உண்டு. "எங்க அம்மா வயசுல இருக்காங்க, அவங்கள உட்கார வச்சு நான் எப்படிங்க கேள்வி கேட்பேன்?" கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் கம்பெனிகளில் சூப்பர்வைசராக இருக்கும் நம் பெண்களுக்கும் இதே சங்கடம்தான். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தலைவிக்கு 29 வயது. விண்ணப்பித்தவர் 60 வயதில் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர். தலைவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் கையால் சாப்பிட்டவர். உள்ளே வந்ததுமே அந்த அம்மா, "நீ என் சென்டர்ல சாப்பிட்ட பொண்ணுதானே?" என்கிறார். அப்போது என்ன செய்வது?

மறுக்க வேண்டாம். "ஆமாங்கம்மா, வாங்க, உட்காருங்க" என்று சொல்லி, நாமும் எழுந்து நின்று, தண்ணீர் கொடுத்து, ஒரே உயர நாற்காலியில் உட்கார வைப்போம். பிறகு அன்று நடக்கப்போவதை முதலிலேயே சொல்லிவிடுவோம்: "நாங்க மூணு பேர் கேட்போம். அரை மணி நேரம் ஆகும். வந்த எல்லாருக்கும் இதே கேள்விதான், இதே கணக்குதான்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதைச் சொல்லாமல் கணக்கை நீட்டினால், 'என்னையே சோதிக்கிறாளா' என்று அவருக்குத் தோன்றும். சொல்லிவிட்டால் அது எல்லோருக்கும் உள்ள முறை ஆகிவிடுகிறது.

அழைப்பதற்கு 'அம்மா', 'ஐயா' போதும். சித்தி, பெரியம்மா என்று முறை வைத்துத் தொடங்கினால் நடுவில் பணக் கேள்வி கேட்க நமக்கே வாய் வராது. உண்மையிலேயே உறவு என்றால் அந்த உறுப்பினர் அந்த நேர்காணலில் உட்காரக் கூடாது. அதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதிவிடுங்கள்.

கேள்விக்கு வருவோம். "உங்களுக்குக் கணக்கு தெரியுமா?" என்பது பெரியவரிடம் கேட்கும் கேள்வி இல்லை. செய்ததைக் கேட்க வேண்டும். "இருப்புப் பதிவேட்டில் இருக்கும் அரிசிக்கும் மூட்டையில் இருக்கும் அரிசிக்கும் வித்தியாசம் வந்திருக்குமே, அப்ப என்ன செஞ்சீங்க?" அனுபவம் உள்ளவர் எந்த மாதம், யாரிடம் சொன்னார், எப்படி எழுதினார் என்று சொல்லுவார். "அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள்.

அடுத்தது கையால் செய்யும் வேலை. ஒரு குழுவின் ரொக்கப் புத்தகம் தருவோம். ஆரம்ப இருப்பு 2,350 ரூபாய். சேமிப்பு 1,200, கடன் திரும்ப வந்தது 3,000, வட்டி 300. கடன் கொடுத்தது 4,000, வங்கியில் கட்டியது 2,000. புத்தகப்படி கையில் 850 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 790தான் இருக்கிறது. கூடவே சீட்டுக் கட்டையும் கொடுங்கள். அதில் 60 ரூபாய் பஸ் செலவுச் சீட்டு ஒன்று பதியாமல் இருக்கும். தேடிக் கண்டுபிடிப்பவர் ஒருவர். "60 ரூபாதானே, நான் போட்டுடறேன்" என்பவர் இன்னொருவர். மனசு நல்ல மனசுதான், ஆனால் கணக்காளருக்கு அந்தப் பழக்கம் ஆகாது. வாயால் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிந்திருக்காது.

இனி கஷ்டமான கேள்வி. "சின்னவங்க சொன்னா கேட்பீங்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இப்படிக் கேட்கலாம்: "ரசீது இல்லாம ஒரு செலவை எழுதச் சொல்லி தலைவி சொன்னா என்ன செய்வீங்க? நீங்க எழுதினதை அடிச்சுத் திருத்தச் சொன்னா?" முதலாவதுக்கு மறுக்க வேண்டும், இரண்டாவதுக்குக் காரணம் கேட்டுத் திருத்த வேண்டும். இரண்டுக்கும் "நீங்க சொன்னா சரிம்மா" என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. வயதில் பெரியவர் பணிந்து போவது நமக்கு சந்தோஷமாக இருக்கும், அதில் ஏமாந்துவிடக் கூடாது.

சிலர் நம்மையே கேள்வி கேட்பார்கள். "உனக்கு இதுல எத்தனை வருஷம் அனுபவம்?" கோபப்படாமல் உள்ளதைச் சொல்லி, "நீங்க இருபத்தஞ்சு வருஷம் பார்த்திருக்கீங்க, அதான் கேட்கிறோம்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். வயது, உடம்பு, பிள்ளைகள் சம்பாத்தியம் பற்றிய பேச்சு வேண்டாம். வேலைக்கு என்ன தேவையோ அதை மட்டும் சொல்லுங்கள்: மாதம் எத்தனை குழுக்களுக்குப் போக வேண்டும், எந்த ஊர் வரை பஸ் ஏற வேண்டும், எவ்வளவு ஊதியம். ஊதியம் குறைவு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடியுமா என்பதை அவரே சொல்லட்டும்.

மதிப்பெண்ணை மூன்று பேரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதிய பிறகே சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் "பெரியவங்க மனசு நோகும்" என்று ஒருவர் சொன்னதும் மற்ற இருவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

எடுக்க முடியவில்லை என்றால் அதை ஆள் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். தலைவியே நேரில் போய், எந்தக் கணக்கில் குறைந்தது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நாளைக்கும் அதே தெருவில்தானே அவரைப் பார்க்கப் போகிறோம்.