ரொம்ப வருசம் கழிச்சு நாவல் படிக்கிறவங்க எதை எடுக்கிறது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



புத்தகம் படிக்கிறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. படிக்கிறது நல்லதுன்னு சொல்ல நான் வரலைங்க. அது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டு இருபது இருபத்தஞ்சு வருசம் ஆனவங்க ஒரு நாவலைப் படிக்கணும்னு ஆசைப்பட்டா, முதல்ல எதை எடுக்கிறது, எடுக்கும்போதே அது நமக்குப் பொருந்துமான்னு எப்படிப் பார்க்கிறது? இதை மட்டும் சொல்றேன். முதல் புத்தகம் பொருந்தாமப் போச்சுன்னா, நம்மள்ல பல பேர் புத்தகத்தைக் குறை சொல்றதில்லை. "எனக்குத்தான் மூளை மழுங்கிப் போச்சு"ன்னு மூடி வெச்சிடறோம். அப்புறம் இன்னொரு பத்து வருசம் தொடறதில்லை.

எங்க குழுவுல ஒரு அக்கா. ஒன்பதாவதோட நின்னவங்க, இப்ப நாற்பத்திரண்டு வயசு. போன வருசம் நாங்க அஞ்சு பேர் சேர்ந்து கிளை நூலகத்துல உறுப்பினர் ஆனோம். அக்கா எடுத்த முதல் புத்தகம் கல்கியோட 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். சினிமா பார்த்திருந்தாங்க, அதனால ஆசை. ஒரே வாரத்துல திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. "மண்டையில ஏறலை, எனக்கு இதெல்லாம் ஆகாது"ன்னாங்க.

எந்த இடத்துல நின்னீங்கன்னு கேட்டேன். கடம்பூர் மாளிகையில நடுராத்திரி சிற்றரசருங்க எல்லாம் கூடிப் பேசற இடம். அதுவரைக்கும் வந்தியத்தேவன் குதிரையில வந்தது, ஏரியைப் பார்த்தது, ஆழ்வார்க்கடியான் சண்டை போட்டது எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னாங்க. அப்ப கல்கி எழுத்து அவங்களுக்குப் புரிஞ்சுதான் இருக்கு. அந்தக் கூட்டத்துல சுந்தர சோழர், ஆதித்த கரிகாலர், மதுராந்தகர், கண்டராதித்தர், பழுவேட்டரையர், சம்புவரையர்னு ஒரே மூச்சுல பேர் வருது. யார் யாருக்கு மகன், அடுத்த பட்டம் யாருக்குங்கறதுதான் அங்க பேச்சே. உறவு முறை தெரியலைன்னா அந்தப் பேச்சு வெறும் சத்தம்தானுங்க. பழுவேட்டரையர்ல பெரியவர், சின்னவர்னு ரெண்டு பேர் வேற.

இன்னொண்ணும் இருக்கு. அந்தக் கதை 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில வாராவாரம் வந்தது. அஞ்சு பாகம். அன்னிக்குப் படிச்சவங்க ஒரு வாரம் முழுக்க அதைப் பேசிப் பேசி அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தாங்க. நாம அதையே ரெண்டு வாரத் தவணையில ஒரு பாகம் முடிக்கணும்னு உட்கார்ந்தா மூச்சு முட்டத்தான் செய்யும்.

அதனால அடுத்த தடவை அக்காவோட நானும் நூலகத்துக்குப் போனேன். மூணு சின்ன நாவலா எடுத்து மேசையில வெச்சோம். ஒவ்வொண்ணுலயும் முதல் ரெண்டு பக்கத்தை அங்கேயே படிக்கறது. படிக்கும்போது புரியாத வார்த்தைக்கு ஒரு விரலை மடக்கறது. முடிஞ்சதும் புத்தகத்தை மூடிட்டு, யார் வந்தாங்க, எங்க நடக்குது, என்ன நடந்துச்சுன்னு நம்ம வாயால சொல்லிப் பார்க்கறது. அவ்வளவுதானுங்க சோதனை. ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு விரல் மடங்கினா பரவாயில்லை, போகப் போகப் புரிஞ்சிடும். அஞ்சு விரலும் மடங்கினா இப்போதைக்கு வேண்டாம்.

முதல்ல கி.ராஜநாராயணனோட 'கோபல்ல கிராமம்'. 1976-ல வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பேச்சுல எழுதினது. நாங்க கொங்குநாட்டுக்காரங்க. முதல் பக்கத்துலயே அக்காவுக்கு அஞ்சு விரலும் மடங்கிடுச்சு. ஆனா அதே பக்கத்தை நான் மெதுவா வாய்விட்டுப் படிச்சேன். அக்கா கேட்டாங்க. இப்ப ரெண்டு விரல்தான் மடங்குச்சு! பேச்சு மொழியை எழுத்துல பார்த்தா கண்ணுக்குப் புதுசா இருக்கும், காதுல விழுந்தா வழி விட்டுடும். வட்டாரப் பேச்சுல எழுதின நாவலைத் தனியா, மனசுக்குள்ள படிக்க வேண்டாம். ரெண்டு பேர் சேர்ந்து சத்தமாப் படிச்சுக்கலாம்.

ரெண்டாவது, அசோகமித்திரனோட 'தண்ணீர்'. சென்னையில தண்ணிப் பஞ்சம், ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர். தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு அலையறது நமக்குத் தெரியாத கதையா? சின்னச் சின்ன வாக்கியம். ஒரு விரல் கூட மடங்கலை. ஆனா மூடிட்டுச் சொல்லுங்கன்னா, "எல்லாம் புரியுது, ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தெரியலையே"ன்னாங்க. அந்த எழுத்து அப்படித்தான். ஜமுனா மனசுல என்ன ஓடுதுன்னு அவர் எடுத்துச் சொல்ல மாட்டார். அவ செய்யறதை மட்டும் காட்டிட்டுப் போயிடுவார், மிச்சத்தை நாம யூகிச்சுக்கணும். வார்த்தை எளிசா இருந்தா புத்தகமும் எளிசுன்னு நினைச்சு எடுக்கறவங்க இங்கதான் தடுமாறுவாங்க. விரலை மட்டும் எண்ணாம, மூடிட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்றது இதுக்குத்தான். இந்த மாதிரி புத்தகம் நாலஞ்சு நாவல் படிச்ச பிறகு எடுத்தா அருமையா இருக்கும்.

மூணாவது, பெருமாள்முருகனோட 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016-ல வந்தது. ஒரு கிழவன், ஒரு கிழவி, அவங்க கைக்கு வந்து சேர்ந்த ஒரு கறுப்புக் குட்டி. பேர் குழப்பம் இல்லை. கதை முன்னும் பின்னும் தாவாம, குட்டி வளர வளர நேரா போகுது. பேசறது நம்ம கொங்குப் பேச்சு. நோஞ்சான் குட்டியைப் பிழைக்க வைக்கப் படற பாடு ஆடு வளர்த்த எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு விரல். மூடிட்டுச் சொன்னப்ப, புத்தகத்துல இல்லாததையும் சேர்த்துச் சொன்னாங்க, "எங்க வீட்டுக் குட்டி ஒண்ணு இப்படித்தான்"னு. அதையே எடுத்துக்கிட்டோம்.

ஆனா எளிசான கதைன்னு லேசா நினைச்சிடாதீங்க. ஆட்டுக்குட்டிக்கு அதிகாரிங்க காது குத்திக் கணக்குல ஏத்தற இடம் வரும். அங்க அக்கா புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு, "இது ஆட்டைப் பத்தி மட்டும் சொல்லலை"ன்னாங்க. படிக்கிறதுக்குத் தடை இல்லாம இருந்ததாலதான் யோசிக்க இடம் கிடைச்சுது.

எவ்வளவு நாள் ஆகும்னு முன்னாடியே கணக்குப் பார்த்துக்கணுமுங்க. அக்காவுக்கு ஒரு பக்கத்துக்கு நாலு நிமிசம் ஆச்சு. ராத்திரி பாத்திரம் கழுவி வெச்ச பிறகு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தா பத்துப் பக்கம். அப்ப நூத்தம்பது பக்கம்னா ரெண்டு வாரத் தவணைக்கு ஏறக்குறைய சரி. ஐந்நூறு பக்கப் புத்தகம்னா மூணு நாலு தடவை புதுப்பிக்கணும், அதுக்குள்ள ஆரம்பத்துல வந்தவங்க பேரே மறந்து போயிடும். பாதியாகும்போது அக்காவுக்கு ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசம்தான் ஆச்சு. புத்தகம் பொருந்தினதுக்கு அது ஒரு அடையாளம். அதுக்கு மாறா, நாலு நாளாகியும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கறீங்க, நேத்துப் படிச்சது இன்னிக்கு ஞாபகம் வரலைன்னா, முப்பது பக்கத்தோட நிறுத்திட்டு வேற எடுங்க.

எளிசா இருந்தாலும் பொருந்தாமப் போகலாம். எங்கள்ல இன்னொருத்தர் எடுத்த குடும்ப நாவல்ல, பத்தாவது பக்கத்துலயே கடைசியில யாருக்கு யாரோட கல்யாணம்னு தெரிஞ்சு போச்சு. விரல் மடங்கவே இல்லை, ஆனா அடுத்த நாள் புத்தகத்தைத் தேடவும் இல்லை. அடுத்தது என்னன்னு கேட்கத் தோணலைன்னா ஒரு படி மேல போகலாம்.

கண்ணையும் மறந்துடாதீங்க. நாற்பதைத் தாண்டினா வெள்ளெழுத்து வரும். புத்தகத்தைக் கை நீட்டித் தூரத்துல வெச்சாத்தான் எழுத்து தெரியுதுன்னா, சிரமம் புத்தகத்துல இல்லை, கண்ணாடி வாங்கணும். மலிவுப் பதிப்புங்கள்ல எழுத்து எறும்பு மாதிரி பொடியா இருக்கும். அதே கதை பெரிய எழுத்துல வேற பதிப்பு இருக்கான்னு நூலகர்கிட்ட கேளுங்க. இன்னொண்ணு, தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல. அதுக்கு முன்னாடி அச்சடிச்ச புத்தகத்துல லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சு இருக்கும். பழகாதவங்களுக்கு அது ஒவ்வொரு வரியிலயும் இடறும். முதல் புத்தகம் புதுப் பதிப்பா இருக்கட்டும்.

இந்தச் சோதனையில தெரியாத ஒண்ணும் இருக்குங்க. மனசுக்கு எவ்வளவு பாரம்கறது ரெண்டு பக்கத்துல தெரியாது. இமையம் எழுதின 'செல்லாத பணம்' சாகித்ய அகாதெமி விருது வாங்கின நாவல். பெரும்பாலும் பேச்சாவே போகும், படிக்கத் தடையே இருக்காது. ஆனா கதை, தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில கிடக்கிற மகளும், வெளியில தவிக்கிற பெத்தவங்களும். வீட்டுல சமீபத்துல துக்கம் நடந்தவங்க அதை இப்ப எடுக்க வேண்டாம். எடுக்கறதுக்கு முன்னாடி பின் அட்டையைப் படிங்க, ஏற்கெனவே படிச்சவங்ககிட்டயும் கேளுங்க.

அந்த அக்கா 'பூனாச்சி' முடிச்சு, இன்னும் ரெண்டு சின்ன நாவல் முடிச்சு, திரும்பவும் 'பொன்னியின் செல்வன்' எடுத்தாங்க. இந்தத் தடவை குழுக் கணக்கு நோட்டுக் கடைசிப் பக்கத்துல நாங்க வம்சம் எழுதிக்கிட்டோம். ராஜா சுந்தர சோழர். அவருக்கு மூணு பிள்ளைங்க, ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழிவர்மர். அருள்மொழிவர்மருக்குத்தான் பொன்னியின் செல்வன்னும் பேர். மதுராந்தகர் சுந்தர சோழரோட பெரியப்பா கண்டராதித்தரோட மகன். இந்த நாலு வரி கையில இருந்ததும் கடம்பூர் மாளிகைக் கூட்டத்தை அக்கா ஒரே ராத்திரியில தாண்டிட்டாங்க. இப்ப ரெண்டாம் பாகத்துல இருக்காங்க.

ஒவ்வொரு குழுவுலயும் சேமிப்புப் பணம் வாங்கி முடிச்ச பிறகு ஒரு அஞ்சு நிமிசம் ஒதுக்குங்க. யார் என்ன புத்தகம் படிச்சாங்க, எத்தனை பக்கம், எங்க தடுக்குச்சுன்னு தீர்மான நோட்டுலயே ஒரு வரி எழுதி வைங்க. அடுத்து எடுக்கறவங்களுக்கு அந்த ஒரு வரி போதும்.