ஓய்வுப் பணத்தை எங்கே போடுவது? தபால் ஆபீஸ் திட்டமா, பேங்க் டெபாசிட்டா?
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது தோல் ஷாப்பிலயோ ஷூ கம்பெனியிலயோ வேலை செஞ்சவங்க இருக்காங்க. பெரும்பாலும் 58 வயசுல ஓய்வு. அன்னைக்கு வரைக்கும் மாசச் சம்பளம். அப்புறம் பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் மொத்தமா கைக்கு வரும். மாசா மாசம் வர்றது பி.எஃப். பென்ஷன் மட்டும்தான், அது குடும்பம் நடத்தப் போதாது. அந்த மொத்தப் பணத்தை எங்கே வைக்கிறதுன்னுதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

எங்க அத்தை, அதாவது என் மாமியார், ஷூ கம்பெனியில 30 வருஷம் தையல் வேலை பார்த்து 2025-ல 58 வயசுல ஓய்வு பெற்றாங்க. மாமா இல்லை. அவங்க கூட பேங்குக்கும் தபால் ஆபீஸுக்கும் போனது நான். அதனால அவங்க கணக்கையே சொல்றேன்.

முதல்ல எவ்வளவு வரணும்னு நாமே கணக்குப் போட்டோம். கிராஜுவிட்டிக்குக் கடைசிச் சம்பளத்துல அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும் எடுத்துக்கணும். அத்தைக்கு அது 13,000. அதை 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கினா 7,500. இது ஒரு வருஷத்துக்கு. 30 வருஷத்துக்கு 2,25,000. பி.எஃப்.ல 5,75,000 வந்தது. மொத்தம் 8 லட்சம்.

இப்போ ரெண்டு வழி. ஒன்று, பேங்க்ல பிக்சட் டெபாசிட். இன்னொன்று, மத்திய அரசோட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். இது 2004-ல வந்தது. தபால் ஆபீஸ்லயும் போடலாம், அரசு பேங்க்லயும் போடலாம். குறைஞ்சது 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒருத்தர் பேர்ல 30 லட்சம். அஞ்சு வருஷத் திட்டம்.

“மூத்த குடிமக்கள்னா 60 வயசு ஆகணுமே, அத்தைக்கு 58 தானே”ன்னு பக்கத்து வீட்ல கேட்டாங்க. இங்கதான் நம்ம ஊர்க்காரங்க பலர் விட்டுடறாங்க. 60 ஆனவங்க எந்தப் பணத்தை வேணும்னாலும் இதுல போடலாம். 55-ல இருந்து 60-க்குள்ள ஓய்வு பெற்றவங்களும் போடலாம், ஆனா மூணு நிபந்தனை இருக்கு. ஓய்வுப் பணமா வந்ததை மட்டும்தான் போடணும். பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவுக்கான பணம் எல்லாம் அதுல சேரும். நகை வித்த பணம், நிலம் வித்த பணம் சேராது. ரெண்டாவது, பணம் கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள கணக்கு ஆரம்பிக்கணும். முன்னாடி ஒரு மாசம்தான் இருந்தது, 2023 நவம்பர்ல மூணு மாசமாக்கினாங்க. மூணாவது, கம்பெனியில இருந்து கடிதம் வேணும். எந்த வேலை, எத்தனை வருஷம், எப்போ ஓய்வு, என்ன பணம் வந்ததுன்னு அதுல இருக்கணும்.

அந்தக் கடிதத்துல “ஓய்வு பெற்றார்”னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. வெறும் “வேலையை விட்டு நின்றார்”னு இருந்தா கவுண்டர்ல கேள்வி வரும். ஓய்வு நாள் அன்னைக்கே கேட்டு வாங்கிடணும். அப்புறம் ஆறு மாசம் கழிச்சுப் போனா, ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்ச ஆளே இருக்க மாட்டாங்க. பணம் பேங்க் கணக்குல எந்தத் தேதி ஏறுச்சுன்னு பாஸ்புக்குல பதிவு போட்டு, அந்தப் பக்கத்தோட ஜெராக்ஸும் வச்சுக்கணும். கிராஜுவிட்டி ஒரு மாசம் வரும், பி.எஃப். வேற மாசம் வரும். எல்லாம் சேரட்டும்னு காத்திருந்தா முதல்ல வந்த பணத்துக்கு மூணு மாசம் ஓடிப்போயிடும். போயிட்டா 60 வயசு வரைக்கும் அந்தப் பணத்தை இந்தத் திட்டத்துல போட முடியாது.

இப்போ பேங்க் பக்கம் பாருங்க. பேங்க்ல மூத்தவங்களுக்குப் பொதுவா அரை சதவீதம் கூட வட்டி தர்றாங்க. ஆனா அது 60 ஆனவங்களுக்கு. 58 வயசுக்காரங்களுக்குச் சாதாரண வட்டிதான். ஆக, 58-ல ஓய்வு பெற்றவங்களுக்குத் தபால் ஆபீஸ்ல மூத்தவங்க வட்டி கிடைக்குது, பேங்க்ல கிடைக்கிறதில்லை. இந்த ஒரு விஷயம்தான் எங்க வீட்ல முடிவு எடுக்க வச்சது.

வட்டியை ஒப்பிட்டுப் பார்ப்போம். மூத்த குடிமக்கள் திட்டத்துல 2023 ஏப்ரல்ல இருந்து 8.2 சதவீதம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் வட்டியை அறிவிக்கும். ஆனா நாம போடுற அன்னைக்கு என்ன வட்டியோ அதுவே அஞ்சு வருஷத்துக்கும் நமக்கு. நடுவுல குறைச்சாலும் நம்ம பணத்துக்குக் குறையாது. பேங்க்ல, கணக்குக்காக 6.5 சதவீதம்னு வச்சுக்குவோம். நீங்க போற அன்னைக்கு அந்த பேங்க் பலகையில என்ன இருக்கோ அதை எடுத்துக்குங்க.

அத்தை 6 லட்சத்தைத் தபால் ஆபீஸ்ல போட்டாங்க. வருஷத்துக்கு 49,200 ரூபாய் வட்டி. அதே 6 லட்சம் பேங்க்ல 6.5-க்குப் போட்டிருந்தா 39,000. வித்தியாசம் வருஷத்துக்கு 10,200, மாசத்துக்கு 850. 2025-ல கிட்டத்தட்ட ஒரு சிலிண்டருக்கு ஆன காசு. அஞ்சு வருஷத்துல 51,000.

தபால் ஆபீஸ் வட்டி மாசா மாசம் வராது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரின்னு வருஷத்துக்கு நாலு தடவை வரும். 49,200-ஐ நாலா பிரிச்சா தடவைக்கு 12,300. அதை மூணு மாசத்துக்கு வச்சுச் செலவு பண்ணினா மாசம் 4,100. அத்தை ஆகஸ்ட் 11-ல போட்டாங்க. முதல் தடவை முழு 12,300 வராது, செப்டம்பர் 30 வரைக்குமான நாளுக்குத்தான் வரும். 7,000-த்துக்குக் கொஞ்சம் குறைவா வரும்னு முன்னாடியே கணக்குப் போட்டு அவங்ககிட்ட சொல்லி வச்சேன். இல்லைன்னா “ஏமாத்திட்டாங்க”ன்னு பயந்திருப்பாங்க. வட்டியை எடுக்காம விட்டா அது மேல தனி வட்டி சேராது. அதனால அங்கேயே ஒரு சேமிப்புக் கணக்கு வச்சு, வட்டி அதுல தானா ஏறுற மாதிரி எழுதிக் கொடுத்துடணும்.

அப்படின்னா எட்டு லட்சத்தையும் அங்கேயே போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. அவசரத்துக்கு எடுக்கிறதுல அந்தத் திட்டம் கொஞ்சம் இறுக்கம். ஒரு கணக்குல இருந்து பாதிப் பணம் மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே முடிக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சா வாங்கின வட்டியையும் பிடிச்சுக்குவாங்க. ஒரு வருஷத்துக்கு மேல, ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா அசல்ல 1.5 சதவீதம் பிடிப்பாங்க. ரெண்டு வருஷம் தாண்டினா 1 சதவீதம். 6 லட்சத்தை ஒன்றரை வருஷத்துல எடுத்தா 9,000 ரூபாய் போயிடும். இதை அடகு வச்சுக் கடன் வாங்கவும் முடியாது.

அதுக்கு ரெண்டு வேலை பண்ணினோம். 6 லட்சத்தை ஒரே கணக்கா போடாம, 4 லட்சம் ஒன்று, 2 லட்சம் ஒன்றுன்னு ரெண்டு கணக்கா போட்டோம். வட்டி அதேதான். ஆனா ஒன்றரை வருஷத்துல அவசரம்னா 2 லட்சத்தை மட்டும் முடிக்கலாம், 3,000 தான் போகும். மிச்சம் இருந்த 2 லட்சத்தை அரசு பேங்க்ல ஒரு லட்சம், ஒரு லட்சமா ரெண்டு பிக்சட் டெபாசிட் போட்டோம். ஆஸ்பத்திரிச் செலவு வந்தா ஒன்றை மட்டும் உடைக்கலாம், வட்டியில கொஞ்சம்தான் குறையும். உடைக்காமலே அது மேல கடனும் வாங்கலாம். அதையும் அஞ்சு வருஷத்துக்குப் போடாம 60 வயசு பிறக்கிற வரைக்கும்தான் போட்டோம். நடுவுல 60 ஆனாலும் பழைய டெபாசிட்டுக்கு மூத்தவங்க வட்டி தானா ஏறாது. முடிஞ்சதும் புதுசா போட்டாத்தான் கிடைக்கும்.

பாதுகாப்பையும் சொல்லணும். தபால் ஆபீஸ் திட்டத்துல முழுத் தொகைக்கும் மத்திய அரசு பொறுப்பு. பேங்க் மூழ்கினா இன்சூரன்ஸ்ல ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான். சின்ன கூட்டுறவு பேங்க்ல 8 லட்சத்தையும் போடறவங்க இதை நினைச்சுப் பார்க்கணும். நிதி கம்பெனிகளுக்கு அந்த 5 லட்சம் இன்சூரன்ஸ் கூட இல்லை. 2022-ல ஆருத்ரா கோல்டு மேலயும், காட்பாடியில இருந்து நடந்த ஐ.எஃப்.எஸ். மேலயும் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது நம்ம மாவட்டத்துல எல்லாருக்கும் தெரியும். தபால் ஆபீஸ்ல ஒரு லட்சத்துக்கு வருஷத்துக்கே 8,200 தான். மாசத்துக்கே அதைவிட அதிகமா தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, அந்தப் பணம் எங்கே இருந்து வருதுன்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

வரி விஷயம் ஒன்று. ரெண்டு இடத்து வட்டியும் வருமானம்தான். 2025 ஏப்ரல்ல இருந்து, ஒரு இடத்துல வர்ற வட்டி வருஷத்துக்கு 50,000 தாண்டினா, 60 ஆனவங்களுக்கு 1 லட்சம் தாண்டினா, அங்கேயே வரி பிடிச்சுக்குவாங்க. அத்தைக்கு 49,200 தான், அதனால பிடிக்கலை. தாண்டறவங்க, ஆனா வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லாதவங்க, அதுக்கான ஃபாரத்தை வருஷ ஆரம்பத்துலேயே கொடுத்துடணும். ஆதாரும் பான் கார்டும் கட்டாயம். ஒரு லட்சத்துக்கு மேலன்னா செக்காத்தான் கட்டணும்.

கடைசியா, இது பெண்களுக்கு முக்கியம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுப் போடுறாருன்னா, இந்தக் கணக்குல மனைவியை மட்டும்தான் கூட்டுப் பெயரா சேர்க்க முடியும், மகனைச் சேர்க்க முடியாது. ஃபாரத்துல அந்தக் கட்டத்தை வெறுமனே விடாதீங்க, உங்க பேரை எழுதச் சொல்லுங்க. தனிக் கணக்குன்னா நாமினி பேரு கட்டாயம் எழுதணும். அத்தை தன் கணக்குல மகள், மகன் ரெண்டு பேரையும் நாமினியா போட்டாங்க, ஆளுக்குப் பாதின்னு பங்கும் எழுதினாங்க. பாஸ்புக் அவங்க பெட்டியிலதான் இருக்கு.

இந்த வருஷம் ஓய்வு பெறப் போறவங்க உங்க வீட்ல யாராவது இருந்தா, அவங்க பிறந்த தேதியையும் பணம் வர்ற தேதியையும் இன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வைங்க.