பூஜ்யம் விழுந்த படம் வேண்டாம்

(சங்கத்தின் குடும்ப மாலை நிகழ்ச்சியில் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எங்கள் வீட்டில் நான்கு பேர்: நான், மனைவி, மகள், பத்தாவது படிக்கும் பேரன். சனிக்கிழமை இரவு சேர்ந்து படம் பார்ப்பது வழக்கம். ஆனால் எந்தப் படம் என்பதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். என் மனைவியைக் கேட்டால், "எதுவானாலும் போடுங்க" என்பாள். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில், "மாவு அரைக்கணும்" என்று எழுந்து போய்விடுவாள். அது மாவுக்காக அல்ல என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அதன்பிறகு ஒரு முறை வைத்தோம். வெள்ளிக்கிழமையே மூன்று படங்களை எழுதி வைப்போம். ஒவ்வொருவரும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுச் சீட்டை மடித்துத் தர வேண்டும். வாயால் சொன்னால் பெரியவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் மாற்றிக்கொள்வார்கள். விட்டுக்கொடுத்தே பழகியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

முதல் வாரம் 'கைதி'க்குப் பேரன் 5, மகள் 5, நான் 4, மனைவி 0. கூட்டினால் 14. 'திருவிளையாடல்' படத்துக்கு நாங்கள் இருவரும் 5, மகள் 2, பேரன் 0, மொத்தம் 12. 'மண்டேலா'வுக்கு மனைவி 4, நானும் மகளும் 3, பேரன் 2. அதுவும் 12.

கூட்டல் கணக்குப்படி 'கைதி'தான். ஆனால் வெட்டுக்குத்தைப் பார்க்க முடியாத ஒருத்தி சமையலறையில் இருப்பாள். அதனால் பூஜ்யம் விழுந்த படத்தை முதலில் நீக்குவது என்று வைத்தோம். மிஞ்சியது 'மண்டேலா'. யாருக்கும் அது முதல் விருப்பம் இல்லை. ஆனால் ஒரு கிராமத்துத் தேர்தலே ஒரே ஒருவரின் ஓட்டில் தொங்கும் அந்தக் கதையை நால்வரும் கடைசிவரை பார்த்தோம்.

இரண்டு சிக்கல்கள் வந்தன. பேரன் தனக்குப் பிடிக்காத இரண்டு படங்களுக்கும் பூஜ்யம் போட ஆரம்பித்தான். எனவே வாரத்துக்கு ஒருவருக்கு ஒரே பூஜ்யம் என்றோம். அடுத்தது, எப்போதும் நடுத்தரமான படமே தேறியது. யாருக்கும் உயிரான படம் வரவே இல்லை. அதனால் நான்காவது சனிக்கிழமை மட்டும் ஒருவர் முறை. அன்று மதிப்பெண் கிடையாது. பிடிக்கவில்லை என்றாலும் மற்றவர்கள் அரை மணி நேரம் உட்கார வேண்டும். ரத்தம், பேய் போல ஒருவரால் தாங்கவே முடியாதது மட்டும் கூடாது.

என் மனைவியின் முறை வந்தபோது 'திருவிளையாடல்' போட்டாள். நாகேஷ் தருமியாகப் புலம்ப ஆரம்பித்ததும் பேரன் போனைக் கீழே வைத்தான்.

தொடர்களுக்கு இது சரிப்படாது. எட்டு மணி நேரத்தை ஒரு சீட்டால் முடிவு செய்ய முடியாது. முதல் பகுதியைப் பார்த்துவிட்டு மறுபடி சீட்டுப் போடுங்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மாவு வெள்ளிக்கிழமையே அரைத்தாகிவிடுகிறது.